மூட்டையைப் பிரித்த பிறகு எழுதுங்கள்: அரிசி, சிறுதானியம், பருப்புக்கான விற்பனைக் குறிப்பு

‘பொன்னி அரிசி, முதல் தரம், சுத்தமானது.’ வாட்ஸ்அப்பில் தானியம் விற்கத் தொடங்குகிறவர்கள் முதலில் எழுதும் குறிப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இதைப் படிப்பவருக்கு அது புழுங்கலா பச்சையா, புதுசா பழசா, எவ்வளவு தீட்டியது, எத்தனை நாள் தாங்கும் என்று எதுவுமே தெரியாது. ஆக, அவர் போன் செய்து கேட்பார், இல்லாவிட்டால் வாங்கிச் சமைத்துவிட்டு ‘சாதம் குழைஞ்சு போச்சு’ என்று குறை சொல்வார். இந்த இரண்டையும் தவிர்க்கத்தான் விற்பனைக் குறிப்பு. அதில் ரகம், மணியின் அளவு, பாலிஷ், எடை, சேமிப்பு என்று ஐந்து விவரங்கள் வேண்டும். இந்த ஐந்தையும் ஞாபகத்திலிருந்தோ போன முறை போட்ட குறிப்பிலிருந்தோ எடுக்காமல், கையில் இருக்கும் மூட்டையைப் பார்த்து எழுத வேண்டும்.

ஒரு மூட்டை வெள்ளைப் பொன்னி புழுங்கலரிசியை எடுத்துக்கொண்டு முழுக்கப் பார்ப்போம். சிறுதானியத்திலும் பருப்பிலும் எங்கெங்கே மாறும் என்பதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் மாதிரி எடுங்கள்

மூட்டையின் வாயைப் பிரித்து மேலாக ஒரு கை அள்ளுவது மாதிரி ஆகாது. ஏற்றி இறக்கும்போது நொய்யும் தூசியும் கீழே இறங்கிவிடும். குத்தூசி இருந்தால் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் குத்தி எடுங்கள். இல்லையென்றால் மூட்டையைப் பெரிய தார்ப்பாயில் கொட்டிக் கிளறி, பல இடங்களிலிருந்து சேர்த்து அரைக்கிலோ எடுங்கள். இனி அளப்பது, எண்ணுவது எல்லாம் இந்த அரைக்கிலோவில்தான். புகைப்படமும் இதிலிருந்தே எடுங்கள். மில்லில் காட்டிய மாதிரியின் படத்தைப் போட்டால், வந்த சரக்கு வேறாக இருக்கும்போது பதில் சொல்ல முடியாது.

ரகம்: மில்காரரிடம் எந்த நெல் என்று கேளுங்கள்

குழப்பம் அதிகம் இருப்பது ரகத்தில்தான். கடைத்தெருவில் பொன்னி என்ற பெயர் ஒரு ரகத்தோடு நிற்பதில்லை. கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்ட மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி ஒன்று. ஆந்திராவின் பாபட்லா ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பி.பி.டி. 5204 இன்னொன்று. பின்னதை ‘ஆந்திரா பொன்னி’, ‘டீலக்ஸ் பொன்னி’ என்று விற்பது சர்வ சாதாரணம். இரண்டுமே நல்ல அரிசிதான், ஆனால் ஒன்றல்ல. ஒன்றைச் சாப்பிட்டுப் பழகியவருக்கு மற்றது மாறியது உடனே தெரியும்.

எனவே ‘என்ன அரிசி’ என்று கேட்காமல் ‘எந்த நெல் அரைத்தது’ என்று கேளுங்கள். ரகப் பெயரில் வரும் எழுத்துகள் அதை உருவாக்கிய ஊரைச் சொல்லும். ஏ.டி.டி. என்றால் ஆடுதுறை, ஏ.எஸ்.டி. என்றால் அம்பாசமுத்திரம், டி.கே.எம். என்றால் திரூர்குப்பம், கோ என்றால் கோயம்புத்தூர். இட்லி அரிசி என்பதும் ரகத்தின் பெயர் இல்லை. ஏ.டி.டி. 37, ஏ.எஸ்.டி. 16 போன்ற குண்டு ரகங்கள் அந்தப் பெயரில் வருகின்றன. ‘இட்லி அரிசி (ஏ.டி.டி. 37)’ என்று எழுதினால், அடுத்த முறை அதே மாவு வேண்டுகிறவர் தேடி வருவார்.

மில்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். பல ஊர் நெல்லைக் கலந்து அரைத்திருந்தால் உண்மையிலேயே ஒரு ரகம் என்று சொல்ல முடியாது. அப்போது ‘பொன்னி வகைச் சன்ன அரிசி, ரகம் கலந்தது’ என்று எழுதிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும், சண்டை வராது. பாரம்பரிய ரகமென்றால் கூடுதல் கவனம் வேண்டும். தூயமல்லி, மாப்பிள்ளைச் சம்பா, சீரகச் சம்பா போன்றவற்றின் விலை சாதாரண அரிசியைவிட மிக அதிகம். விளைந்த ஊரும் அறுத்த மாதமும் சொல்ல முடியாத சரக்குக்கு அந்தப் பெயரைப் போடாதீர்கள்.

ரகத்தை அடுத்து இரண்டு சொற்கள் கட்டாயம் வரவேண்டும். ஒன்று, பச்சரிசியா புழுங்கலா. மற்றது, புதுசா பழசா. அறுத்து ஆறு மாதமாவது ஆன அரிசி அதிகத் தண்ணீர் இழுத்து, உதிரியாக வேகும். புது அரிசி குழையும். பொங்கலுக்கு அதுதான் வேண்டும், பிரியாணிக்கு ஆகாது. இதில் ஒரு நுணுக்கம் உண்டு: எதுவாகப் பழசானது? நெல்லாகவே கிடங்கில் கிடந்து பழசானதா, அரிசியாக அரைத்த பிறகு மூட்டையில் கிடந்ததா? தவிடு நீக்காத அரிசிக்கு இந்தக் கேள்வி உயிர்நாடி. அதில் தவிட்டின் எண்ணெய் இருப்பதால் அரிசியாகப் பழசானால் சிக்கு வாடை வந்துவிடும். அங்கே வேண்டியது பழைய நெல், புதிய அரவை. அறுத்த மாதத்தையும் அரைத்த தேதியையும் தனித்தனியாக எழுதினால் இந்தக் கேள்விக்கு இடமே இல்லை.

மணியின் அளவு: ஒரு ஸ்கேல் போதும்

சன்னம், மோட்டா என்று வாயால் சொல்வது ஆளுக்கு ஆள் மாறும். அளந்து சொல்வது சுலபம். மாதிரியிலிருந்து நொறுங்காத பத்து மணிகளைப் பொறுக்கி, கறுப்பு அட்டையில் ஸ்கேலை ஒட்டி நுனியோடு நுனி முட்டும்படி வரிசையாக வையுங்கள். மொத்த நீளத்தைப் பத்தால் வகுத்தால் ஒரு மணியின் நீளம். பிறகு அதே பத்தையும் பக்கவாட்டில் நெருக்கி வைத்து அளந்தால் அகலம். அரிசியின் தடிமன் அகலத்தைவிடக் குறைவு, அதனால் மணிகள் ஒருக்களித்து நிற்காமல் தட்டையாகப் படுத்திருக்க வேண்டும்.

நம் மூட்டையில் பத்து மணியின் நீளம் 56 மில்லிமீட்டர், அகலம் 20 மில்லிமீட்டர் வந்தது என்று வையுங்கள். ஒரு மணி 5.6 நீளம், 2.0 அகலம். நீளத்தை அகலத்தால் வகுத்தால் 2.8. இந்தியாவில் வழங்கும் வகைப்பாட்டின்படி 6 மில்லிமீட்டருக்குக் குறைவான நீளமும் 2.5 முதல் 3 வரையிலான விகிதமும் உள்ள அரிசி நடுத்தரச் சன்னம். அதே குட்டை நீளத்தில் விகிதம் 2.5-க்குக் கீழே போனால் குண்டு ரகம். ஆறு மில்லிமீட்டரும் அதற்கு மேலும் நீண்டு, விகிதம் மூன்றைத் தொட்டால் நீளச் சன்னம், பாஸ்மதி அந்தக் கூட்டம். நெல் கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகம், பொது ரகம் என்று பிரிப்பதிலும் இந்த 2.5-தான் எல்லை.

இந்த அளவுக்கும் ஒரு வரம்பு உண்டு. இது குண்டு அரிசியைப் பொன்னி என்று தள்ளிவிட்டதைக் காட்டிக் கொடுக்கும். வெள்ளைப் பொன்னியையும் பி.பி.டி.யையும் பிரித்துக் காட்டும் என்று நம்ப முடியாது, இரண்டும் நடுத்தரச் சன்னமே.

கூடவே நொய்யையும் பாருங்கள். மாதிரியில் 50 கிராம் எடுத்து, முழு மணியில் முக்காலுக்கும் குறைவாக உடைந்தவற்றைப் பிரித்து நகைத் தராசு போன்ற சின்னத் தராசில் நிறுங்கள். 2 கிராம் இருந்தால் நொய் 4 சதவீதம். ‘நொய் 5 சதவீதத்துக்குள்’ என்று எழுதலாம். புழுங்கலில் நொய் குறைவாகவும் பச்சரிசியில் அதிகமாகவும் இருப்பது இயல்பு. புழுக்கும்போது மணிக்குள் இருக்கும் கீறல்கள் ஒட்டிக்கொள்கின்றன.

பாலிஷ்: நிறத்தை நம்பாதீர்கள்

நெல்லில் உமி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. உமியை மட்டும் நீக்கினால் கிடைப்பது தவிடு நீக்காத அரிசி. அதைத் தீட்டத் தீட்டத் தவிடும், நுனியில் இருக்கும் கருவும் போகும். ‘கைக்குத்தல்’ என்ற சொல்லை இப்போது ரப்பர் உருளை மில்லில் உமி நீக்கியதற்கும் போடுகிறார்கள். உரலில் குத்தாததைக் கைக்குத்தல் என்று எழுதாமல் ‘உமி மட்டும் நீக்கியது, தவிடு நீக்காதது’ என்று எழுதுவதுதான் நேர்மை. அதற்கு அடுத்தது ஒரு பாலிஷ், கடைசியில் முழு பாலிஷ். குறிப்பில் இந்த மூன்று நிலைகளே போதும். ‘அரை பாலிஷ்’, ‘லேசான பாலிஷ்’ என்பதையெல்லாம் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள்.

புதியவர்கள் ஏமாறுவது நிறத்தில். புழுங்கலரிசி மஞ்சளாக இருந்தால் பாலிஷ் குறைவு என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த மஞ்சள் புழுக்கியதால் வந்தது. முழுக்கத் தீட்டிய புழுங்கலும் மஞ்சளாகத்தான் இருக்கும். சரி, எப்படிப் பார்ப்பது? மணியை வெளிச்சத்தில் பிடித்து நீளவாக்கில் ஓடும் பள்ளங்களைப் பாருங்கள். அங்கே பழுப்புக் கோடுகள் ஒட்டியிருந்தால் தவிடு மிச்சம் இருக்கிறது. நுனியில் கரு அப்படியே உட்கார்ந்திருந்தால் தீட்டவே இல்லை, கரு இருந்த இடம் குழியாக இருந்தால் தீட்டியாகிவிட்டது. மாப்பிள்ளைச் சம்பா மாதிரி சிவப்பரிசியில் இன்னும் எளிது, சிவப்பு தவிட்டில்தான் இருக்கிறது. மணி முழுதும் சிவப்பென்றால் தவிடு நீக்காதது, சிவப்புக் கீற்றுகள் மட்டும் இருந்தால் ஒரு பாலிஷ்.

பாலிஷ் நிலையை எழுதும்போது சமையலையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். தவிடு நீக்காததென்றால் ஊறவைக்க வேண்டும், வேகக் கூடுதல் நேரம் ஆகும். இதை எழுதாமல் விட்டால் ‘அரிசி வேகவே இல்லை’ என்று திரும்பி வரும். அதற்குப் பதிலாக ‘சுகர் குறையும்’, ‘நோய் தீரும்’ என்று எழுதி இடத்தை நிரப்ப வேண்டாம். உணவுப் பொருளுக்கு அப்படி விளம்பரம் செய்வது சட்டப்படி தவறு.

எடை

எழுதும் எடை பையும் அட்டையும் நீங்கலான நிகர எடை. தராசில் முதலில் வெறும் பையை வைத்துப் பூஜ்யமாக்கிக்கொள்ளுங்கள். ஈரம் அதிகமுள்ள சரக்கைக் கட்டினால் எடை தானாகக் குறையும். 14 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ கட்டுகிறீர்கள், அதில் காய்ந்த பொருள் 860 கிராம். துணிப்பையிலோ காகிதப் பையிலோ கிடந்து 12 சதவீதத்துக்குக் காய்ந்தால் மிஞ்சுவது 977 கிராம். நீங்கள் ஒரு மணிகூடத் திருடவில்லை, ஆனாலும் வாங்கியவர் தராசில் 23 கிராம் குறையும். மில்லில் ஈரமானி இருக்கும், கேட்டுப் பார்த்து 12, 13-க்கு இறங்கிய பிறகு கட்டுங்கள்.

படி, பக்கா, மரக்கால் ஊருக்கு ஊர் வேறுபடும், குறிப்பில் அவை வேண்டாம். முன்கட்டிய பொட்டலத்தின் மேல் நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, கட்டிய மாதம் ஆண்டு, கட்டியவர் முகவரி, உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் எல்லாம் வரவேண்டும். அதோடு கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலத்தில் ஒரு கிலோவுக்கு என்ன விலை, கிலோவுக்குக் குறைந்ததில் ஒரு கிராமுக்கு என்ன விலை என்பதும் வேண்டும்.

கடைகளில் 26 கிலோ மூட்டை ஏன் வந்தது என்று பலருக்குத் தெரியாது. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, முன்கட்டி லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அந்த எல்லையைத் தாண்டத்தான் ஒரு கிலோவைக் கூட்டினார்கள். பழக்கதோஷத்தில் ‘25 கிலோ சிப்பம்’ என்று எழுதி 26 கிலோ விலையைப் போட்டுவிடாதீர்கள்.

சேமிப்பு

‘உலர்ந்த இடத்தில் காற்றுப்புகாமல் வைக்கவும்’ என்ற வரி எல்லாப் பொட்டலத்திலும் இருக்கிறது, யாரும் படிப்பதில்லை. அந்தச் சரக்குக்கு என்ன ஆகும் என்பதை எழுதினால் படிப்பார்கள். முழு பாலிஷ் புழுங்கலுக்கு எதிரி வண்டு மட்டுமே. காய்ந்த டப்பாவில் ஓராண்டு இருந்தாலும் சுவை கெடாது. தவிடு நீக்காத அரிசிக்கு வண்டும் சிக்கும் இரண்டும் எதிரி. நம் வெயிலில் பிரித்த பிறகு இரண்டு மாதத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். பழைய எண்ணெய் வாடை அடித்தாலோ மென்றால் கசந்தாலோ கெட்டுவிட்டது, கழுவினால் போகாது.

வண்டு வந்தால் அரிசியை வெயிலில் போடுவது நம் வீடுகளில் வழக்கம். கடும் வெயிலில் மணி கீறிவிடும், பிறகு சாதம் உடைந்து வேகும். நிழலில் பரப்பிப் புடைக்கச் சொல்லுங்கள். சின்னப் பொட்டலமென்றால் பிரிக்காமல் ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் முட்டையும் சேர்ந்து சாகும். வெளியே எடுத்ததும் குளிர் ஆறும் வரை பிரிக்கக் கூடாது, பிரித்தால் வியர்த்து ஈரமாகும். வெற்றிடப் பொட்டலம் அனுப்புகிறீர்கள் என்றால் ‘பை கல் மாதிரி இறுகியிருக்க வேண்டும், தளர்ந்திருந்தால் காற்று புகுந்துவிட்டது, உடனே சொல்லுங்கள்’ என்று ஒரு வரி சேருங்கள்.

இனி நம் மூட்டையின் குறிப்பு எப்படி இருக்கும் என்று பாருங்கள்:

மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னி, புழுங்கல், பழசு
அறுவடை: ஜனவரி. அரவை: ஆகஸ்ட். நெல்லாக இருப்பு வைத்தது
மணி: நடுத்தரச் சன்னம், சுமார் 5.6 மி.மீ., நொய் 5 சதவீதத்துக்குள்
பாலிஷ்: ஒரு பாலிஷ், பள்ளங்களில் தவிட்டுக் கோடு தெரியும்
நிகர எடை: 5 கிலோ
சமையல்: அரைமணி நேரம் ஊறவைக்கவும், உதிரியாக வரும்
சேமிப்பு: பிரித்தபின் மூடியுள்ள டப்பாவில் மூன்று மாதத்துக்குள். வண்டு வந்தால் வெயிலில் போடாமல் நிழலில் புடைக்கவும்

சிறுதானியத்தில் மாறுவது

கம்பு, கேழ்வரகு, சோளத்தை அப்படியே விற்கலாம். சாமை, தினை, வரகு, குதிரைவாலி, பனிவரகு ஐந்துக்கும் உமி நீக்க வேண்டும். அதனால் தலைப்பில் ‘சாமை’ என்று மட்டும் போடாமல் ‘சாமை அரிசி’ என்று போடுங்கள். வெறும் ‘சாமை’ என்று பார்த்து விதைக்கு வாங்குகிறவரும் உண்டு. சாமை அரிசியும் குதிரைவாலி அரிசியும் பார்க்க ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும், புதியவர்கள் மூட்டை மாற்றிக் கட்டிவிடுவது இங்கேதான். வந்த அன்றே மூட்டையில் பெயர் எழுதிவிடுங்கள்.

இவற்றை மில்லிமீட்டரில் அளப்பதில் பயனில்லை. வாங்குபவர் அறிய விரும்புவது உமி நீங்காத மணியும் கல்லும் எவ்வளவு என்பதுதான். 100 கிராமை வெள்ளைத் தட்டில் பரப்பி, உமியோடு கிடக்கும் மணிகளை எண்ணி அந்த எண்ணிக்கையை எழுதுங்கள். வரகில் உமி பல அடுக்காக இருப்பதால் எண்ணிக்கை கூடத்தான் செய்யும். பாலிஷைப் பொறுத்தவரை, பளிச்சென்று வெளுத்த சாமை தீட்டியது, சாம்பலோ பழுப்போ கலந்தது தவிடு உள்ளது.

சேமிப்பில்தான் சிறுதானியம் அரிசியைவிட மோசம். உமி நீக்கிய நாளிலிருந்து அதன் கொழுப்பு காற்றோடு சேர்ந்து சிக்கு வைக்கத் தொடங்கும். உமி நீக்கிய தேதியை எழுதி, இரண்டு மூன்று மாதத்துக்கு மேல் கெடு கொடுக்காதீர்கள். கம்பு மாவென்றால் இரண்டு வாரமே அதிகம். அரைத்து வைத்து விற்பதைவிட ஆர்டர் வந்த பிறகு அரைப்பது மேல். மணிகள் நூலாம்படை கட்டியதுபோல ஒட்டிக் கிடந்தால் அந்துப்பூச்சியின் புழு உள்ளே இருக்கிறது, அந்த மூட்டையிலிருந்து ஒரு பொட்டலம்கூடப் போகக் கூடாது.

பருப்பில் மாறுவது

பருப்புக்கு ரகத்தைவிட வடிவம் முக்கியம். உளுந்திலேயே கறுப்பு முழுசு, தோலோடு உடைத்தது, தோல் நீக்கிய உருட்டு, தோல் நீக்கி உடைத்தது என்று நாலு சரக்கு. ‘உளுத்தம்பருப்பு’ என்று பொதுவாகப் போட்டால் இட்லிக்கு வாங்குகிறவர் உடைத்ததைப் பெற்றுக் கோபப்படுவார். உளுந்தில் அறுவடை மாதத்தை விடாதீர்கள். புது உளுந்து நன்றாகப் பொங்கி மாவு காணும், பழசில் காணாது. அரிசியில் பழசுக்கு மரியாதை, உளுந்தில் புதுசுக்கு.

பருப்பில் பாலிஷ் என்றால் தவிடு இல்லை, மினுமினுப்பு. துவரம்பருப்பில் எண்ணெயோ தண்ணீரோ தடவிப் பளபளக்க வைப்பார்கள், உருட்டு உளுந்தில் வெள்ளைத் தூள் போட்டுத் தீட்டுவதும் உண்டு. துவரையை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பாருங்கள், எண்ணெய் போட்டது கறை விடும். போடாதது மங்கலாகவும் கொஞ்சம் மாவு படிந்தும் இருக்கும். அதைப் படத்தில் பிரகாசமாக்காமல் அப்படியே காட்டுங்கள், இல்லாவிட்டால் ‘பழைய பருப்பு அனுப்பிட்டீங்க’ என்பார்கள். தென் மாவட்டங்களில் செம்மண் கட்டி உடைத்த துவரை கிடைத்தால் அதைப் பெயரோடு எழுதுங்கள், தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். இறக்குமதித் துவரை என்றால் நாட்டின் பெயர் சட்டப்படி வேண்டும். வேகும் நேரமும் மாறும் என்பதால் நீங்களே ஒரு தம்ளர் குக்கரில் வைத்துப் பார்த்து எத்தனை விசில் என்று எழுதிவிடுங்கள்.

முழுப் பயறும் முழு உளுந்தும் தட்டைப்பயறும் வண்டுக்கு இலக்கு. மணியின் மேல் வெள்ளைப் புள்ளி ஒட்டியிருந்தால் அது முட்டை, வட்ட ஓட்டை இருந்தால் வண்டு வெளியேறிவிட்டது. புள்ளி தெரிந்த சரக்கைக் கட்டி அனுப்பினால் வண்டு வாங்கியவர் வீட்டில்தான் வெளிவரும். தோல் நீக்கி உடைத்த பருப்பில் இந்தத் தொல்லை குறைவு, அதற்குக் கெடு ஆறு மாதம் கொடுக்கலாம். முழுப் பயறுக்கு மூன்றே மாதம் போட்டு, மழைக்காலத்தில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த லோடு வரும்போது பழைய குறிப்பை நகல் எடுத்தால் மாற்ற வேண்டியவை அறுவடை மாதம், அரவைத் தேதி, நொய், உமி மணியின் எண்ணிக்கை, புகைப்படம். அதே மில், அதே ரகமாக இருந்தாலும் இந்த ஐந்தும் மாறியிருக்கும். பழைய லோடில் மிச்சமிருக்கும் பொட்டலங்களைப் புதிய குறிப்பின் கீழ் தள்ளாமல் தனியாகப் போட்டு, தேதியைக் காட்டி விலை குறைத்து விற்றுவிடுங்கள்.